மட்டந்தட்டிய சதவீதங்கள் 100க்கு வராவிட்டால்: எக்செல்லில் மீதி பார்த்துச் சரிசெய்யும் முறை

திருகோணமலை மாவட்டத்தில் ஐந்து இறங்குதுறைகளின் ஒரு மாத மீன் வரவை முழுச் சதவீதங்களாகக் காட்டி ஓர் அறிக்கை எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள கிலோ கணக்கு செய்முறைக்காகப் போட்டது, உண்மைத் தரவு அல்ல. கொட்பே 4,310, கிண்ணியா 3,640, மூதூர் 2,470, குச்சவெளி 1,430, நிலாவெளி 650. மொத்தம் 12,500 கிலோ.

இவற்றின் சரியான சதவீதங்கள் 34.48, 29.12, 19.76, 11.44, 5.20. வழமைபோல மட்டந்தட்டினால் 34, 29, 20, 11, 5 வரும். கூட்டினால் 99. அடியில் 100 என்று அச்சிட்டிருப்பதால், கல்குலேட்டருடன் உட்காரும் முதல் ஆளே பிடித்துவிடுவார்.

கணக்கில் பிழை இல்லை. ஒவ்வொரு நிரையும் மட்டந்தட்டும்போது அரை வரை கூடலாம், குறையலாம். இங்கே குறைந்தவை கூடியவற்றை மிஞ்சிவிட்டன. ஐந்து நிரைகளில் இந்த வித்தியாசம் 2 வரை போகலாம். நிரைகள் கூடக்கூட அதுவும் கூடும்.

முதலில் ஒன்றைப் பாருங்கள்: ஒரு தசமதானம் காட்ட இடமுண்டா? 34.5, 29.1, 19.8, 11.4, 5.2 என்று எழுதினால் இதே தரவு 100.0க்குப் பிசகாமல் வருகிறது. எல்லாத் தரவும் இப்படிச் சொன்னபடி கேட்காது. வந்தால் அத்துடன் விட்டுவிடலாம். படிவம் முழு எண்தான் கேட்கிறது என்றால் மேலே படியுங்கள்.

பலரும் செய்வது, குறைகிற ஒன்றைப் பெரிய நிரையில் போட்டுவிடுவது. வித்தியாசம் 1 என்றால் பெரிய சேதமில்லை. நிரைகள் கூடி வித்தியாசம் 3 ஆனால் மூன்றும் ஒரே தலையில் விழும். அந்த எண் உண்மையிலிருந்து ஒன்றுக்கு மேல் விலகிவிடும். மொத்தத்தை 99 என்று மாற்றுவது அதைவிட மோசம்.

செய்முறை

1ஆம் நிரையில் தலைப்புகள். A நிரலில் இடங்களின் பெயர்கள், B நிரலில் கிலோ, இரண்டும் 2 முதல் 6 வரையான நிரைகளில். பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் வரும்.

C2 கலத்தில் சரியான சதவீதம்:

```
=ROUND(B2/SUM($B$2:$B$6)*100,9)
```

ஒன்பது தசமதானத்துக்கு ROUND போடுவது வீண்வேலை அல்ல. கணினி தசமங்களை இரும எண்களாக வைத்திருப்பதால், 29 வரவேண்டிய இடத்தில் உள்ளே 28.999999999999996 இருக்கலாம். அடுத்த படியில் அது 28 ஆக வெட்டுப்படக்கூடும்.

D2 கலத்தில் முழு எண் பகுதி, E2 கலத்தில் மீதி:

```
=INT(C2)
=ROUND(C2-D2,9)
```

இவற்றை 6ஆம் நிரை வரை இழுத்துவிடுங்கள். D நிரலில் 34, 29, 19, 11, 5 வரும். கூட்டினால் 98. எத்தனை குறைகிறது என்பதை D8 கலத்தில் எடுங்கள்:

```
=100-SUM(D2:D6)
```

விடை 2. இந்த எண் எப்போதும் நிரைகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே எந்த நிரைக்கும் ஒன்றுக்கு மேல் கொடுக்க வேண்டி வராது.

இனி மீதி பெரிதாக உள்ளவர்களுக்கு முன்வரிசை. F2 கலத்தில்:

```
=RANK(E2,$E$2:$E$6)+COUNTIF($E$2:E2,E2)-1
```

RANK மட்டும் போட்டால், இரண்டு மீதிகள் சமமாக வரும்போது இருவருக்கும் ஒரே இடம் கிடைத்து மொத்தம் 101 ஆகிவிடக்கூடும். COUNTIF பகுதி அந்தச் சமநிலையை உடைத்து, மேலே இருக்கும் நிரைக்கு முன்னிடம் கொடுக்கிறது. பெரியதிலிருந்து அடுக்கச் சொன்னது இதற்குத்தான். சமமானால் பெரிய அளவுக்கே போகும் என்று ஒரு விதி இருந்தால், யாரும் கேட்டால் சொல்ல ஒரு பதில் இருக்கும்.

கடைசியாக G2:

```
=D2+IF(F2<=$D$8,1,0)
```

| இடம் | சதவீதம் | முழு எண் | மீதி | வரிசை | காட்டுவது |
|---|---|---|---|---|---|
| கொட்பே | 34.48 | 34 | 0.48 | 2 | 35 |
| கிண்ணியா | 29.12 | 29 | 0.12 | 5 | 29 |
| மூதூர் | 19.76 | 19 | 0.76 | 1 | 20 |
| குச்சவெளி | 11.44 | 11 | 0.44 | 3 | 11 |
| நிலாவெளி | 5.20 | 5 | 0.20 | 4 | 5 |

கூட்டுத்தொகை 100. அறிக்கைக்குப் போவது G நிரல் மட்டும்.

நம்மூர்க்காரருக்கு இந்த முறை புதிதல்ல. திருகோணமலைத் தேர்தல் மாவட்டத்தின் 4 ஆசனங்களில் ஒன்று முதலாவதாக வந்த கட்சிக்குப் போனஸாகப் போகும். மற்ற மூன்றும், 5 வீதம் எடுக்காத கட்சிகளைக் கழித்தபின், முதலில் முழுப் பங்குக்கும் பிறகு அதிகூடிய மிச்ச வாக்குக்கும் பிரிபடும். மேலே E, F நிரல்களில் நடப்பது அந்த மிச்ச வாக்குக் கணக்கேதான்.

கொட்பேயைத்தான் கேட்பார்கள். 34.48ஐப் பாடசாலைக் கணக்கில் 34 என்றுதான் மட்டந்தட்டுவோம். இங்கே 35 நிற்கிறது. கிலோவும் பக்கத்தில் அச்சாகியிருந்தால் யாராவது வகுத்துப் பார்ப்பார். அட்டவணையின் அடியில் ஒரு வரி போடுங்கள்: “கூட்டுத்தொகை 100 ஆகும்படி சதவீதங்கள் சரிசெய்யப்பட்டுள்ளன.” அந்த வரி போட அனுமதி இல்லாத அறிக்கையில் இம்முறையைப் பாவிக்காமல், வழமையான மட்டந்தட்டலுடன் “மட்டந்தட்டியதால் கூட்டுத்தொகை 100 ஆகாதிருக்கலாம்” என்று எழுதுவதே நேர்மை. கிலோ நிரலில் மட்டும் ஒருபோதும் கை வைக்காதீர்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு, எக்செல்லில் தசமத்தைக் குறைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு மட்டந்தட்டியாயிற்று என்று நினைப்பது. அது தோற்றத்தை மட்டுமே மாற்றும், கலத்துக்குள் 34.48 அப்படியே இருக்கும். SUM உள்ளே இருப்பதைக் கூட்டி 100 என்று காட்டும், கண்ணுக்குத் தெரிவதைக் கூட்டினால் 99. கலத்தைச் சொடுக்கி மேலே சூத்திரப் பட்டையைப் பார்த்தால் சூத்திரம்தான் தெரியும். ஆகவே சந்தேகம் வந்தால் தசமத்தை மறுபடி கூட்டிப் பாருங்கள்.

ரூபாயை ஆயிரங்களில் காட்டும் கணக்குக்கும் இதே வழிதான். C நிரலில் `=ROUND(B2/1000,9)`, D8 கலத்தில் 100க்குப் பதிலாக உண்மை மொத்தத்தை ஆயிரத்துக்கு மட்டந்தட்டியது:

```
=ROUND(SUM(B2:B6)/1000,0)-SUM(D2:D6)
```

நட்டம் போன்ற மறை எண்கள் இருந்தாலும் INT சரியாக வேலைசெய்யும்: -2.3ஐ -3 ஆக்கும், மீதி 0.7. TRUNC போட்டால் -2 வந்து மீதி மறையாகிவிடும், வரிசை குழம்பும்.

உப மொத்தங்கள் இருந்தால் மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் உப மொத்தங்களைப் பெரிய மொத்தத்துக்குப் பொருத்துங்கள். பிறகு ஒவ்வொரு உப மொத்தத்தின் G நிரல் எண்ணையே இலக்காக வைத்து அதன் உட்பகுதிகளைப் பொருத்துங்கள். உட்பகுதிகளின் சதவீதத்தையும் பெரிய மொத்தத்தை வைத்தே எடுத்தால், இங்கும் எந்த உட்பகுதியும் தன் உண்மை அளவிலிருந்து ஒன்றுக்கு மேல் விலகாது, D8 கலத்தில் மறை எண்ணோ நிரைகளின் எண்ணிக்கையைத் தாண்டிய எண்ணோ வராது. வந்தால் சூத்திரத்தில் எங்கோ பிழை, திரும்பப் பாருங்கள்.

நிரைவழியும் நிரல்வழியும் ஒருங்கே கூட்டிவர வேண்டிய அட்டவணை, உதாரணமாக இடம் ஒரு பக்கமும் மாதம் மறுபக்கமும் உள்ளது, இந்த முறைக்கு அடங்காது. நிரைகளைச் சரிசெய்தால் நிரல்கள் பிசகும். வாசிப்பவர் எந்தப் பக்கம் கூட்டிப் பார்ப்பாரோ அந்தப் பக்கத்தைச் சரிசெய்து, மற்றப் பக்கத்துக்கு அடிக்குறிப்பு போடுங்கள்.