கல்நாரும் புகைபிடித்தலும்: குழப்பக் காரணியா, விளைவு மாற்றியா?

ஒரு தரவை மூன்றாவது காரணி ஒன்றின்படி அடுக்குகளாகப் பிரித்ததும் எண்கள் மாறுகின்றன. உடனே பலர் "இது குழப்பக் காரணி, சரிசெய்துவிடு" என்கிறார்கள். எண்கள் மாறுவதில் இரண்டு வகை உண்டு. ஒட்டுமொத்த எண்ணுக்கும் அடுக்கு எண்களுக்கும் இடையே வேறுபாடு இருந்தால் குழப்பத்தை, அதாவது மூன்றாவது காரணியின் விளைவு நாம் ஆராயும் காரணியின் விளைவோடு கலந்துவிட்டதைச் சந்தேகிக்கலாம். அடுக்குகளின் எண்களே ஒன்றுக்கொன்று வேறுபட்டால் அது விளைவு மாற்றம். முன்னது நம் ஒப்பீட்டில் உள்ள கோளாறு என்பதால் அதை நீக்க வேண்டும். பின்னது மனிதர்களிடம் உண்மையாகவே காணப்படும் வேறுபாடு. அதை நீக்கக் கூடாது, அப்படியே எடுத்துச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே தரவில் சேர்ந்தே இருக்கலாம் என்பதுதான் தொடக்கநிலையினரைத் தடுமாற வைக்கிறது.

இதைக் காட்ட, 1979இல் ஹாமண்ட், செலிகாஃப், சைட்மன் மூவரும் வெளியிட்ட எண்களை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் வெப்பக்காப்பு வேலை செய்து கல்நாரைச் சுவாசித்த தொழிலாளர்களை, அந்த வேலை செய்யாதவர்களோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். ஒருவரை ஓராண்டு கவனித்தால் அது ஒரு நபர்-ஆண்டு. ஒரு லட்சம் நபர்-ஆண்டுகளுக்கு நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் இவை:

| | கல்நார் இல்லை | கல்நார் உண்டு |
|---|---|---|
| புகைக்காதவர் | 11.3 | 58.4 |
| புகைப்பவர் | 122.6 | 601.6 |

முதல் படி: ஒவ்வொரு அடுக்கிலும் இரண்டு கணக்கு

ஒவ்வொரு வரிசையிலும் ஒருமுறை வகுத்துப் பாருங்கள், ஒருமுறை கழித்துப் பாருங்கள். புகைக்காதவர்களில் 58.4 ÷ 11.3 = 5.17. புகைப்பவர்களில் 601.6 ÷ 122.6 = 4.91. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. புகைத்தாலும் புகைக்காவிட்டாலும் கல்நார் ஆபத்தை ஏறக்குறைய ஐந்து மடங்காக்குகிறது. இதோடு நிறுத்தினால் "விளைவு மாற்றம் இல்லை" என்று எழுதிவிடுவோம்.

இனிக் கழித்துப் பார்ப்போம். புகைக்காதவர்களில் 58.4 − 11.3 = 47.1. புகைப்பவர்களில் 601.6 − 122.6 = 479.0. அதே கல்நார் ஒரு லட்சம் நபர்-ஆண்டுகளில் ஒரு குழுவில் 47 கூடுதல் மரணங்களோடும், மற்றொரு குழுவில் 479 கூடுதல் மரணங்களோடும் சேர்ந்து வருகிறது. பத்து மடங்கு வேறுபாடு!

இதில் முரண்பாடு ஏதும் இல்லை. 11.3ஐ ஐந்தால் பெருக்குவதும் 122.6ஐ ஐந்தால் பெருக்குவதும் ஒரே மடங்குதான், ஆனால் அவற்றால் கூடும் தொகை வேறு. அடிப்படை ஆபத்து அடுக்குக்கு அடுக்கு வேறாக இருந்து, கல்நாருக்கும் உண்மையில் விளைவு இருந்தால், விகிதமும் வித்தியாசமும் ஒரே சமயத்தில் அடுக்குகளில் சமமாக இருக்கவே முடியாது. எனவே அளவுகோலைச் சொல்லாமல் "விளைவு மாற்றம் உண்டா, இல்லையா" என்று கேட்பது அரைக் கேள்விதான்.

இரண்டாம் படி: நான்கு எண்களையும் ஒன்றாக வைத்துச் சோதித்தல்

இரண்டு காரணிகளும் இல்லாத 11.3ஐ அடித்தளமாகக் கொள்ளுங்கள். புகையின் தனி விளைவு, கழித்தால் 122.6 − 11.3 = 111.3, வகுத்தால் 122.6 ÷ 11.3 = 10.85. தனித்தனி விளைவுகளைக் கூட்டினால், இரண்டும் சேர்ந்தவர்களிடம் 11.3 + 47.1 + 111.3 = 169.7 வர வேண்டும். வந்ததோ 601.6. மிகுதியான 431.9 இரண்டும் சேர்ந்ததால் வந்தது. பெருக்கல் அளவுகோலில், 5.17 × 10.85 = 56.1 மடங்கு எதிர்பார்க்கிறோம், கிடைத்தது 53.2 மடங்கு. எதிர்பார்ப்புக்கு மிக அருகில்.

```
# R நிரல்; முதல் இலக்கம் கல்நார், இரண்டாவது புகை
r00 <- 11.3; r10 <- 58.4; r01 <- 122.6; r11 <- 601.6
c(r10/r00, r11/r01)              # 5.17  4.91
c(r10-r00, r11-r01)              # 47.1  479.0
r11 - r10 - r01 + r00            # 431.9
(r11 - r10 - r01 + r00) / r00    # 38.2  (RERI)
```

கடைசி வரியில் உள்ள RERI, அந்த மிகுதியை அடிப்படை வீதத்தின் மடங்காகச் சொல்கிறது. பூஜ்யம் என்றால் கூட்டல் அளவுகோலில் இடைவினை, அதாவது தனி விளைவுகளைத் தாண்டிய கூட்டு விளைவு, இல்லை. நோயாளிகளையும் நோயற்றவர்களையும் தேர்ந்து ஒப்பிடும் ஆய்வுகளில் வீதங்கள் கிடைக்காது, விகிதங்கள் மட்டுமே கிடைக்கும். நோய் அரிதாக இருக்கும்போது அந்த விகிதங்களை வைத்தே `RR11 - RR10 - RR01 + 1` என்று கணக்கிடலாம்.

மென்பொருள் தரும், இரண்டு காரணிகளின் பெருக்கல் உறுப்பின் p-மதிப்பை மட்டும் பார்த்து "இடைவினை இல்லை" என்று முடிவெடுப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. லாஜிஸ்டிக் மாதிரியில் அந்த உறுப்பு பெருக்கல் அளவுகோலை மட்டுமே சோதிக்கிறது. இந்தத் தரவில் அந்த வழியில் போயிருந்தால், 431.9 என்ற எண் யார் கண்ணிலும் பட்டிருக்காது. எந்தக் குழுவைக் கல்நாரிலிருந்து விலக்கினால் அதிகம் பேர் பிழைப்பார்கள் என்பதுதான் கேள்வி என்றால், கூட்டல் அளவுகோலே விடை சொல்லும்.

மூன்றாம் படி: குழப்பத்தைத் தனியாகப் பார்த்தல்

இதற்கு அடுக்குகளின் பருமனும் வேண்டும். ஒரு கற்பனை அமைப்பை எடுத்துக்கொள்வோம்: வீதங்கள் மேலே உள்ளவையே, கல்நாரோடு வேலை செய்தவர்களில் 80 சதவீதம் பேர் புகைப்பவர்கள், மற்றவர்களில் 40 சதவீதம். முதல் குழுவின் ஒட்டுமொத்த வீதம் 0.8 × 601.6 + 0.2 × 58.4 = 493.0. இரண்டாவது குழுவின் வீதம் 0.4 × 122.6 + 0.6 × 11.3 = 55.8. விகிதம் 8.8.

அடுக்குகளில் 5.17, 4.91. இவற்றின் எந்தச் சராசரியும் 8.8 ஆகாது. ஒட்டுமொத்த விகிதம் அடுக்கு விகிதங்களின் எல்லைக்கு வெளியே போய்விட்டது. புகைபிடித்தல் கல்நாரின் விகிதத்தை உயர்த்திக் காட்டுகிறது. இரண்டு குழுக்களுக்கும் 40 சதவீதம் என்ற ஒரே எடையைத் தந்து தரப்படுத்தினால், கல்நார் குழுவின் வீதம் 275.7 ஆகிறது, விகிதம் 4.9.

இதே சோதனையை வித்தியாசத்துக்கும் செய்யுங்கள். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. ஒட்டுமொத்த வித்தியாசம் 437.1. அடுக்கு வித்தியாசங்கள் 47.1, 479.0. இடையில்தான் இருக்கிறது, எனவே குழப்பம் இல்லை என்று தோன்றும். ஆனால் 40 சதவீத எடையில் தரப்படுத்திய வித்தியாசம் 219.9, கல்நார் குழுவின் சொந்த 80 சதவீத எடையில் 392.6. ஒட்டுமொத்த எண் இவற்றில் எதனோடும் ஒத்துப்போகவில்லை. அடுக்கு எண்கள் ஒன்றுக்கொன்று மிகவும் விலகியிருக்கும்போது, "இடையில் இருக்கிறதா" என்ற சோதனை குழப்பத்தைக் கண்டுபிடிக்காது. தரப்படுத்திப் பார்த்தே தீர வேண்டும். எடையை மாற்றினால் விடை மாறுகிறது என்பதும் விளைவு மாற்றத்தின் அடையாளமே. அதனால் எந்த எடையைப் பயன்படுத்தினீர்கள் என்பதை எழுதிவிடுங்கள்.

குழப்பத்தை p-மதிப்பால் தீர்மானிக்க முடியாது. தரப்படுத்தும் முன்னும் பின்னும் எண் எவ்வளவு நகர்கிறது என்பதையும், அந்தக் காரணி கல்நார் போன்ற வெளிப்பாட்டுக்கும் நோய்க்கும் முன்னதாக இருந்து இரண்டையும் பாதிக்கிறதா என்பதையும் கொண்டே முடிவெடுக்க வேண்டும். விகிதமாக ஆட்ஸ் ரேஷியோவைப் பயன்படுத்தினால் ஓர் எச்சரிக்கை: நோய் பரவலாக இருக்கும்போது, குழப்பமே இல்லாவிட்டாலும் ஒட்டுமொத்த எண் அடுக்கு எண்களிலிருந்து விலகலாம்.

அறிக்கையில் அட்டவணையின் நான்கு வீதங்களையும் அவற்றின் நம்பிக்கை இடைவெளிகளோடு தாருங்கள். 11.3 போன்ற சிறிய வீதம் சில மரணங்களின் மேல் மட்டுமே நிற்கக்கூடும்; அது சற்று அசைந்தாலே 5.17, 38.2 இரண்டும் பெரிதாக அசையும். நான்கு எண்களும் கையில் இருந்தால், படிப்பவர் தாமே கழித்தும் வகுத்தும் பார்த்துக்கொள்வார்.