இரண்டு பேருக்கான மாவு

எங்கள் வீட்டுக்குப் புதிதாக ஒரு சின்ன மாவுப் பாத்திரம் வந்திருக்கிறது. சின்னவள் கோவையில் கல்லூரி விடுதிக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. அவள் போன மறுநாளும் பழக்கத்தில் நான்கு ஆழாக்கு இட்லி அரிசியும் ஒரு ஆழாக்கு உளுந்தும் ஊறப்போட்டேன். ஐந்தாம் நாள் மூடியைத் திறந்தால் ஒரே புளித்த வாடை. அவள் இருந்திருந்தால் வெங்காய ஊத்தப்பமாகக் கேட்டு வாங்கியே தீர்த்திருப்பாள். அந்த மாவைக் கொட்டும்போதுதான் அழுதேன்.

அளவைப் பாதியாக்கினேன். ஆனால் அவ்வளவு குறைந்த உளுந்து கிரைண்டர் கல்லில் அகப்படாமல் ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டது. இப்போது அரை ஆழாக்கு உளுந்தை மிக்ஸியில் அரைக்கிறேன். சூடேறினால் மாவு சரியாகப் பொங்காது. அதனால் ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, விட்டுவிட்டு ஓட்டுகிறேன். தண்ணீரில் ஒரு துளி போட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். இரண்டு பேருக்கு மூன்று நாளில் தீர்ந்துவிடுகிறது.

பெரிய பாத்திரத்தை மட்டும் பரணில் ஏற்றவில்லை. தீபாவளிக்கு ஊத்தப்பம் வேண்டுமாம், நேற்றே சொல்லிவிட்டாள்.