தலைப்பில்லாத வீடியோ எழுத்துப்படி: அத்தியாயம் பிரிக்கும்போது நேரும் தவறுகள்

கையில் ஒரு வீடியோவின் பேச்சு நேரக்குறிகளோடு எழுத்துப்படியாக இருக்கிறது, வீடியோவின் பெயர் இல்லை. அதை அத்தியாயங்களாகப் பிரித்து, விவரக்குறிப்பும் எழுத வேண்டும். பலரும் முதல் நிமிடத்தைப் படித்துவிட்டு விஷயம் இதுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பின்னால் வரும் பிழைகள் பலவும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. தொடக்கத்தில் பேசுபவர் போன வீடியோவைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு சைக்கிள் பழுது வீடியோவை உதாரணமாக வைத்துக்கொள்வோம்:

```
0:04 போன தடவை பிரேக் பார்த்தோம்
0:19 பின் டயர் அடிக்கடி பஞ்சர் ஆகுதா
4:52 சொல்யூஷன் காயட்டும்
4:58 சரி, அது காயற நேரத்துல
5:03 டயர் உள்பக்கத்தை தடவிப் பாருங்க
5:09 முள் அங்கேயே இருக்கும்
```

முதல் வரியை நம்பினால் இது பிரேக் வீடியோ ஆகிவிடும். கடைசிவரை படித்தால்தான், ஒட்டிய பிறகும் பஞ்சர் ஏன் திரும்ப வருகிறது என்பதே பேச்சின் மையம் என்று தெரியும். முழுவதையும் படித்து, ஒரே வாக்கியத்தில் மையத்தை எழுதிக்கொண்ட பிறகே பிரிக்கத் தொடங்குங்கள்.

அடுத்த தவறு, வெட்டும் இடம். முள் தேடுவது 5:03-இல் தொடங்குவதாகத் தோன்றும். ஆனால் பேச்சு திரும்புவது 4:58-இல், அந்த "சரி"யில். 5:03-இல் வெட்டினால், பார்ப்பவர் எது காய்கிறது, ஏன் இப்போது டயரைத் தடவுகிறோம் என்று புரியாமல் நடுவில் வந்து விழுவார். "சரி", "அடுத்து", "இப்போ" போன்ற சொற்களைத் தேடி, அந்த வரியின் நேரத்தையே எடுங்கள். எல்லா "சரி"யும் திருப்பம் அல்ல. அடுத்த இரண்டு மூன்று வரிகளில் வேலை மாறுகிறதா என்று பாருங்கள். மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்று அளந்து வெட்டுவது இதைவிட மோசம்.

பேச்சு வரியை அப்படியே தலைப்பாக்குவதும் வேண்டாம். "முள் அங்கேயே இருக்கும்" என்பதைத் தனியாகப் படித்தால் எங்கே என்று தெரியாது. தானியங்கி எழுத்துப்படியில் "வால்வு" என்பது "வாழ்வு" என்று விழுந்திருக்கலாம். ஐயம் வந்தால் அந்த நொடிக்குப் போய்க் கேட்டுவிடுங்கள். இந்த வீடியோவுக்கு அத்தியாயப் பட்டியல் இப்படி வரும்:

```
0:00 பஞ்சர் ஏன் திரும்ப வருகிறது
1:40 ட்யூபில் ஓட்டையைக் கண்டுபிடித்தல்
4:58 டயரில் தங்கிய முள்ளை எடுத்தல்
7:15 பேட்ச் ஒட்டிக் காற்றடித்தல்
```

யூடியூபில் பட்டியல் 0:00-இல் தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று நேரக்குறிகள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், ஒவ்வொரு அத்தியாயமும் 10 நொடியாவது நீள வேண்டும். முதல் பேச்சு 0:04-இல் வருகிறதே என்று அதையே எழுதினால் அத்தியாயங்கள் தோன்றாது.

விவரக்குறிப்பில் "இந்த வீடியோவில் நாம் பார்க்கப்போவது" என்று தொடங்கினால், வெளியே தெரியும் முதல் வரி வீணாகிறது. "ட்யூபை ஒட்டிய பிறகும் பஞ்சர் ஆனால், டயருக்குள் முள் தங்கியிருக்கலாம். அதைக் கண்டுபிடித்து எடுத்த பிறகு பேட்ச் ஒட்டும் முறை." இந்த இரண்டு வரி போதும். முன் சக்கரம் பற்றி வீடியோவில் பேசுபவர் எதுவும் சொல்லவில்லை என்றால், "எல்லாச் சக்கரங்களுக்கும்" என்று நீங்களாகச் சேர்க்காதீர்கள்.