நோட்டீஸைப் போட்டோவில் படிக்கும்போது

ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கும் அக்கா மகன் ஒரு ஜூலை இரவு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினான். டிபார்ட்மெண்ட் பலகையில் ஒட்டியிருந்த நோட்டீஸ். கீழே, "மாமா, ஏதோ கருத்து கேக்குறாங்க போல, விட்டுடலாம்ல?" நான் சில வருடம் அங்கே வேலை பார்த்துவிட்டு ஆதம்பாக்கம் திரும்பியவன், அதனால் கேட்டான்.

விட்டிருந்தால் படிப்பே போயிருக்கும். தலைப்பு Rückmeldung. செல்போன் செயலி அதைப் "பின்னூட்டம்" என்று காட்டியிருக்கிறது. அகராதிப்படி சரிதான். ஆனால் பல்கலைக்கழக நோட்டீஸில் அதற்கு மறுபதிவு என்று பொருள்: அடுத்த செமஸ்டரும் படிக்கிறேன் என்று சொல்வது. அதைத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டாம், செமஸ்டர் கட்டணம் போய்ச் சேர்ந்தாலே பெரும்பாலும் பதிவாகிவிடும். சேராவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அப்புறம் விசாவுக்கும் வம்பு.

அடுத்த தவறு எங்கள் வீட்டுப் பக்கம். கடைசி நாள் "15.08." என்று இருந்தது. (கடைசிப் புள்ளியைப் பார்த்து, வருடம் போட்டோவில் வெட்டுப்பட்டிருக்கிறது என்று நினைத்தான். ஜெர்மன்காரர்கள் தேதியை அப்படித்தான் எழுதுவார்கள்.) அக்கா, "பதினாலாம் தேதி பேங்க்ல போய்க் கட்டிடறேன்" என்றாள். தேதிக்குப் பக்கத்தில் இருந்த Zahlungseingang என்ற சொல்லை யாரும் பார்க்கவில்லை. பணம் அனுப்பும் நாள் கணக்கில்லை, அவர்கள் கணக்கில் வந்து விழும் நாள்தான் கணக்கு. சென்னையிலிருந்து ஸ்விஃப்ட் வழியாகப் போகும் பணத்துக்குச் சில வேலை நாட்கள் ஆகும். பதினைந்தாம் தேதி நம் ஊரில் சுதந்திர தினம், பேங்க் லீவு. நோட்டீஸில் உள்ள தேதிக்குப் பத்து நாள் முன்பே அனுப்புவதுதான் என் கணக்கு.

தொகையிலும் கோட்டை விடலாம். நடுவில் உள்ள வங்கிகள் கமிஷன் பிடித்துக்கொண்டால் சில யூரோ குறைவாகப் போய்ச் சேரும். குறைந்தால் பதிவு நிற்கும். பேங்க் படிவத்தில் கட்டணங்களுக்கான இடத்தில் OUR என்று குறித்தால் அந்தக் கமிஷன் நம் தலையில் விழும், தொகை முழுசாகப் போகும். இல்லையென்றால் பையனுக்கு அனுப்பி, அவனுடைய ஜெர்மன் கணக்கிலிருந்தே கட்டச் சொல்லலாம். இதுதான் எனக்குப் பிடித்த வழி. எப்படிக் கட்டினாலும், பணம் எதற்கு என்று குறிக்கும் Verwendungszweck என்ற வரியில் நோட்டீஸ் சொல்கிறபடியே எழுத வேண்டும். பெரும்பாலும் அதில் மாணவர் பதிவு எண் வரும். அது இல்லாவிட்டால் பணம் யாருடையது என்றே தெரியாது.

அவன் போட்டோவில் அந்த வரிக்குக் கீழே எதுவும் இல்லை, விரல் மறைத்திருந்தது. மறுபடி எடுக்கச் சொன்னேன். அங்கேதான் பரீட்சைக்குப் பெயர் கொடுக்கும் தேதியும், விலகிக்கொள்ளும் தேதியும் இருந்தன. மறுபதிவு வேறு, பரீட்சைப் பதிவு வேறு. பெயர் கொடுத்துவிட்டு, விலகாமலும் எழுதாமலும் இருந்தால் அது பெரும்பாலும் தோல்வியாகவே பதிவாகும். செயலி அந்த "விலகல்" என்ற சொல்லை "ராஜினாமா" என்று காட்டியதாம். "மாமா, நான் எங்க வேலைல இருக்கேன்?" என்றான்.