“சூட்டுத் தழும்பு” என்று எழுதாதீர்கள்: படம் பார்த்து அங்க அடையாளம் எழுதுவதில் நடக்கும் தவறுகள்

களுவாஞ்சிக்குடியில் எனக்கொரு சின்ன கொமினிகேசன் கடை. ஃபோட்டோ கொப்பி, தட்டச்சு, படிவம் நிரப்புதல்தான் வேலை. எந்தப் படிவத்திலும் பெயரும் முகவரியும் பிழைத்தால் யாராவது கண்டுபிடித்துத் திருத்திவிடுவார்கள். “விசேட அடையாளங்கள்” என்ற கட்டத்தில் விட்ட பிழையை யாரும் திருத்துவதில்லை. அது அப்படியே கோப்புக்குள் போய்ப் படுத்துவிடும்.

போன வருடம் ஒரு அக்கா வந்தா. தம்பிக்கு ஐம்பது கடந்திருக்கும், மறதி கூடியவர், வீட்டை விட்டு நடந்தவர் திரும்பவில்லை. பொலிஸில் கொடுக்கவும் ஆஸ்பத்திரிகளில் விசாரிக்கவும் ஒரு விவரத் தாள் வேண்டும். கையில் ஸ்டூடியோப் படம் ஒன்று, மகனின் போனில் செல்ஃபி ஒன்று.

“எழுதுங்க தம்பி, இடப்பக்கப் புருவத்தில சூட்டுத் தழும்பு.”

“சூடு எண்டா வெடிச் சூடா அக்கா?”

“ஐயோ, இல்ல. சின்ன வயசில அடுப்புக் கொள்ளி பட்டது.”

கூட வந்த மச்சான்காரர் குறுக்கே புகுந்தார். “எந்தக் கொள்ளி? சைக்கிளால விழுந்து வெட்டினது. நான்தானே தூக்கிக்கொண்டு போனேன்.”

இரண்டு பேரும் அவரை நாற்பது வருடமாகத் தெரிந்தவர்கள். அவர்களுக்கே காரணம் ஒத்துவரவில்லை. படத்தை மட்டும் பார்க்கும் எனக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கட்டத்தில் அதிகம் நடக்கும் தவறே இதுதான்: கண்ணில் பட்டதை எழுதாமல், அது எப்படி வந்தது என்பதை எழுதுவது. வெட்டுக் காயம், தீக்காயம், அம்மைத் தழும்பு, ஒப்பரேஷன் தழும்பு என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் பெயர்கள் எல்லாமே காரணத்தின் பெயர்கள். எங்கள் பக்கத்தில் “சூட்டுக் காயம்” என்றால் பேப்பர் வாசிக்கும் யாருக்கும் முதலில் துப்பாக்கிதான் ஞாபகம் வரும். தாள் சிங்களத்துக்கு மொழிபெயர்க்கப்பட்டால் கொள்ளிக்கட்டை துவக்காகிவிடும். உடம்பில் ஒரு தழும்பு இருந்ததற்காகச் சோதனைச் சாவடியில் சட்டையைக் கழற்றி விளக்கம் சொன்னவர்கள் இன்னும் எங்களுக்கிடையில் இருக்கிறார்கள். காணாமல் போன ஒரு மனிதருக்கு அப்படியொரு கதையை நாமாகக் கட்டிவிடக் கூடாது.

தேடும் வேலைக்கும் அது தடை. பெயர் தெரியாத ஒருவரை ஏதோவொரு வார்ட்டில் சேர்த்திருந்தால், அங்குள்ளவர் தான் கண்டதைத்தான் குறித்திருப்பார்: இடது புருவத்தில் கோடு போல ஒரு தழும்பு. எங்கள் தாளில் “தீக்காயம்” என்று இருந்தால், ஒப்பிடுகிறவர் சுருங்கிப் பளபளக்கும் அகலமான ஒரு திட்டைத் தேடுவார். மெல்லிய கோட்டைக் கண்டதும் இது வேறு ஆள் என்று தாளைப் புரட்டிவிடுவார். இரண்டு குறிப்பும் ஒரே மனிதருடையவைதான். காரணம்தான் இடையில் நின்று மறிக்கிறது.

அதனால் நான் எழுதும் ஒழுங்கு இது. முதலில் தழும்பா, மச்சமா, நிறத் திட்டா. பிறகு எந்தப் பக்கம், முகத்தின் எந்த உறுப்புக்குப் பக்கத்தில். அதன்பின் வடிவம், அளவு, சுற்றியுள்ள தோலைவிடக் கறுப்பா வெளிறலா. அதோடு நிறுத்திவிடுவேன். குடும்பத்தார் காரணம் சொன்னால் அதைத் தனி வரியில், சொன்னவரின் உறவுமுறையோடு போடலாம்: “சகோதரி சொல்வது: சிறுவயதில் நெருப்புப் பட்டது.” அப்போது அது அவரின் சாட்சியம், தாளின் தீர்ப்பு அல்ல.

நோயின் பெயருக்கும் இதே கதைதான். கன்னத்தில் குழிகள் தெரிந்தால் உடனே அம்மை என்று எழுதுகிறோம். முகப்பருவும் அதே போலக் குழி விட்டுப் போகும். “இரு கன்னங்களிலும் சிறு குழிகள்” என்றால் போதும். வெளிறிய திட்டை “வெண்குட்டம்” என்று எழுதவே வேண்டாம். அந்தச் சொல் செய்யும் கெடுதி தனி, தவிர அது வெறும் தேமலாகவும் இருக்கலாம். பிறவி மச்சம் என்று எழுதுவதும் ஒரு ஊகம்தான். பிறக்கும்போதே இருந்ததா என்று படம் சொல்லாது, தாய்தான் சொல்ல வேண்டும். (மச்சம் என்றால் எங்கள் ஊரில் மீனும் இறைச்சியும்கூட. “மச்சம் இல்லை” என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு நான் ஒருமுறை சைவமா என்று கேட்டுவிட்டேன்.)

இனி அந்த இரண்டு படங்களுக்கு வருவோம். ஸ்டூடியோப் படத்தில் தழும்பு அவரின் இடது புருவத்தில். செல்ஃபியில் வலது புருவத்தில்! மச்சான்காரர் “ரெண்டு பக்கமும் இருக்கும் போல” என்று முடித்துவிடப் பார்த்தார்.

இதில் இரண்டு குழப்பங்கள் உண்டு. இடம் வலம் எப்போதும் படத்தில் இருப்பவரின் இடம் வலம்தான். நம்மைப் பார்த்து நிற்பவரின் இடது புருவம் நமக்கு வலப்பக்கம் தெரியும். அவசரத்தில் எழுதும்போது இது மாறிவிடும், ஆகவே நான் “அவரது இடது” என்று முழுதாக எழுதிவிடுவேன். அடுத்தது, படமே திரும்பியிருக்கலாம். போனின் முன் கமரா திரையில் கண்ணாடி போலக் காட்டும். சில போன்கள் படத்தையும் அப்படியே சேமித்துவிடும், சில திருப்பிச் சேமிக்கும். பழைய ஃபிலிம் படங்களிலும் நெகட்டிவ் புரண்டு அச்சானவை உண்டு.

கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்காதீர்கள், உடுப்பைப் பாருங்கள். ஆண்களின் சேர்ட்டில் பொக்கற் வழக்கமாக இடது நெஞ்சில் இருக்கும். பொத்தான் தைத்த ஓரம் அவரது வலப்பக்கமும் பொத்தான் துளை இடப்பக்கமும் வரும். சேலை உடுத்த பெண்ணென்றால் முந்தானை பெரும்பாலும் இடது தோளில். ரீசேர்ட்டில் அல்லது பின்னாலுள்ள கடைப் பலகையில் எழுத்து இருந்தால் இன்னும் சுலபம். உச்சியையோ மூக்குத்தியையோ நம்ப வேண்டாம், அவை ஆளுக்காள் மாறும். அந்த செல்ஃபியில் சேர்ட் பொக்கற் வலது நெஞ்சில் இருந்தது, பொத்தான்களும் மாறியே இருந்தன. திரும்பிய படம்தான். ஸ்டூடியோப் படத்தில் இரண்டும் முறையாக இருந்தன. ஆக, அவரது இடது புருவம்.

இப்படி எந்தத் தடயமும் கிடைக்காத படத்தில் பக்கத்தை ஊகிக்காமல், “படத்தைப் பார்ப்பவருக்கு வலப்பக்கம், படம் திரும்பியதா என்று உறுதியில்லை” என்றே எழுதலாம். அதில் வெட்கமில்லை.

அளவில் மக்கள் “சின்ன”, “பெரிய” என்பார்கள், இல்லாவிட்டால் “மிளகு அளவு” என்பார்கள். மிளகு பரவாயில்லை. சின்ன என்பது யாருக்கும் உதவாது. முகப் படத்துக்கு நல்லதொரு அளவுகோல் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளை விழிக்கு நடுவிலுள்ள கறுத்த வட்டம், வளர்ந்தவர்களில் குறுக்கே ஏறத்தாழ 12 மில்லிமீற்றர், ஆளுக்காள் அதிகம் மாறாது. மேலும் கீழும் இமை மறைப்பதால் குறுக்காகத்தான் அளக்க வேண்டும்.

ஸ்டூடியோப் படத்தைப் பெரிதாக்கிக் கொப்பி எடுத்து அடிமட்டம் வைத்தேன். கறுத்த வட்டம் 4 மில்லிமீற்றர். புருவத் தழும்பு 5. ஐந்தை நான்கால் பிரித்துப் பன்னிரண்டால் பெருக்கினால் 15, அதாவது ஒன்றரை சென்ரிமீற்றர். வாய் ஓரத்துக்குக் கீழேயுள்ள மச்சம் கொப்பியில் 1 மில்லிமீற்றர், அது நேரில் 3 போல வரும். இந்தக் கணக்கு முகம் நேராகப் பார்க்கும் படத்தில், கண்ணிருக்கும் தூரத்திலேயே உள்ள அடையாளங்களுக்குத்தான் சரி. தலை திரும்பியிருந்தாலோ, முன்னே நீட்டிய கையை அளந்தாலோ பிழைக்கும். “ஏறத்தாழ” என்ற சொல்லையும் விடாதீர்கள்.

தழும்பு தடித்ததா குழிந்ததா என்று அக்கா எழுதச் சொன்னா. படத்தில் அதைச் சொல்ல முடியாது. வெளிச்சம் மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்பதைப் பொறுத்து மேடு குழியாகவும் குழி மேடாகவும் தோன்றும், ஃபிளாஷ் அடித்தால் இரண்டுமே தட்டையாகிவிடும். நான் தெளிவாகத் தெரிந்ததையே எழுதினேன்: அந்தக் கோட்டில் மயிர் இல்லை.

படத்தில் தெரியும் புள்ளி எல்லாம் மச்சமும் அல்ல. எங்கள் குழந்தைகளின் கன்னத்தில் கண்ணூறு படாமலிருக்க வைக்கும் கறுத்தப் பொட்டை மச்சம் என்று எழுதிய தாளை நான் பார்த்திருக்கிறேன். பழைய படங்களில் பூஞ்சணம் பிடித்த புள்ளிகளும் உண்டு. அதே போன்ற புள்ளி சட்டையிலோ பின்திரையிலோ இருந்தால் அது படத்தின் புள்ளி, தோலுடையதல்ல. எதுவானாலும் வேறொரு நாளில் எடுத்த இரண்டாவது படத்தில் அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மறுபக்கமும் உண்டு. திருநீறும் சந்தனமும் நெற்றித் தழும்பை மறைக்கும். ஸ்டூடியோக்காரர் முகத்தை வெளுப்பாக்கும்போது மச்சத்தையும் சேர்த்தே அழித்துவிடுவார், போனிலுள்ள அழகுபடுத்தும் வசதியும் அதையே செய்யும். ஆகவே “அடையாளம் இல்லை” என்று எழுதக் கூடாது. “இந்தப் படத்தில் தெரியவில்லை” என்பதுதான் நமக்குத் தெரிந்தது. செல்ஃபியில் அவரின் வாயோர மச்சம் காணவில்லை. அக்காவிடம் கேட்டேன். “அது பிறந்ததிலயிருந்து இருக்கு தம்பி, போன்தான் தின்டு போட்டுது.”

இடது மேற்கையில் வட்டத் தழும்பு உண்டு என்பதையும் எழுதச் சொன்னா. எழுதினேன், ஆனால் கடைசியாக. பிறந்தவுடன் போடும் பீசீஜி ஊசியின் அடையாளம் இந்த நாட்டில் பாதிப் பேருக்கு மேல் அந்த இடத்தில்தான் இருக்கும், அதை வைத்து ஒருவரைப் பிரித்தெடுக்க முடியாது. பார்த்தீர்களா, நானும் காரணம் சொல்லிவிட்டேன். தாளில் சொல்லவில்லை.

நல்ல தெளிவாக எழுதிய அடையாளமும் ஆளை உறுதிப்படுத்தாது, தேடலைச் சுருக்கத்தான் உதவும். பேரனர்த்தங்களில் உடலை அடையாளம் காணும் சர்வதேச முறையில் கைவிரல் ரேகை, பல், மரபணு மூன்றும்தான் முதன்மைச் சான்று. மச்சமும் தழும்பும் துணைச் சான்று. 2004 சுனாமிக்குப் பின் கல்முனையில் கிடைத்த கைக்குழந்தையின் பெற்றோர் யார் என்பதையும் 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனைதான் முடிவாகச் சொன்னது.

கடைசியில் அந்தக் கட்டத்தில் நான் தட்டச்சுச் செய்தது:

“அவரது இடது புருவத்தின் வெளிப்பக்கப் பாதியில், புருவத்தைக் குறுக்கே கடக்கும் மெல்லிய நேர்கோட்டுத் தழும்பு, நீளம் ஏறத்தாழ 1.5 செ.மீ., தோலைவிட வெளிறியது, அவ்விடத்தில் மயிர் இல்லை. அவரது வலது வாயோரத்துக்குக் கீழே வட்டமான கறுப்பு மச்சம், ஏறத்தாழ 3 மி.மீ. (ஸ்டூடியோப் படத்தின்படி; செல்ஃபியில் தெரியவில்லை). அவரது இடது மேற்கையில் சிறு வட்டத் தழும்பு (சகோதரி சொல்வது, படத்தில் இல்லை). புருவத் தழும்பின் காரணம் பற்றிக் குடும்பத்தாரிடம் ஒத்த கருத்து இல்லை.”

கடைசி வரியை வாசித்துவிட்டு மச்சான்காரர் “சைக்கிள் எண்டு போட்டிருக்கலாம்” என்றார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து கொப்பி எடுக்கச் சொன்னா.