யாழ்ப்பாணத்தில் வீடு எடுத்தவர்களுக்கு: மாத யூனிற் கணக்கு

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கரண்ட் பில் வந்து பழக்கம். இங்கே மாதக் கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம் என்பதும் இங்கே கிடையாது. மாதம் 60 யூனிற்றுக்குள் நின்றால் ஒரு கட்டண அட்டவணை. 60ஐத் தாண்டினால் வேறு அட்டவணை, அதில் முதல் யூனிற்றிலிருந்தே விலை கூடும். அதற்கு மேல் 90, 120, 180 என்று படிகள் உண்டு. அதனால் வீட்டுக்கு மாதம் எத்தனை யூனிற் போகும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

கணக்கு சின்னதுதான். சாமானில் எழுதியிருக்கும் வாற்ஸை ஒரு நாளில் ஓடும் மணியால் பெருக்கி, அதை 30ஆல் பெருக்கி, 1000ஆல் வகுத்தால் மாத யூனிற்.

கொக்குவிலில் மூன்று பேர் இருக்கும் ஒரு வாடகை வீட்டை எடுத்துக்கொள்வோம். 75 வாற்ஸ் சீலிங் ஃபான் இரண்டு, ஒவ்வொன்றும் நாளுக்கு 10 மணி நேரம் ஓடுகிறது. 2 × 75 × 10 = 1500, மாதத்துக்கு 45 யூனிற். 9 வாற்ஸ் எல்.ஈ.டி. பல்ப் ஐந்து, 5 மணி நேரம் எரிந்தால் ஏறக்குறைய 7. ரிவி 60 வாற்ஸ், 4 மணி நேரம் என்றால் இன்னொரு 7. ரைஸ் குக்கர் 700 வாற்ஸ், அரை மணி நேரத்துக்கு 10.5. கேத்தில் 1500 வாற்ஸ் என்று பயமுறுத்தினாலும் நாளுக்கு 10 நிமிடம்தான், 7.5 யூனிற்றோடு முடிந்துவிடும். காசைத் தின்பது சத்தமில்லாமல் சுழலும் ஃபான்தான்.

கிணற்று மோட்டரில் ஒரு கவனம் வேண்டும். அரைக் குதிரைவலு என்றால் 373 வாற்ஸ் என்று போடுவார்கள். அது மோட்டர் வெளியே கொடுக்கும் வேலை. உள்ளே இழுக்கும் கரண்ட் அதைவிடக் கூட, 600 வாற்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாங்கி நிரம்ப அரை மணி நேரம் என்றால் மாதம் 9 யூனிற். கோடையில் கிணற்று நீர்மட்டம் இறங்கினால் அதே தாங்கிக்கு நேரம் கூடும்.

பிறிட்ஜில்தான் பலரும் தவறுவார்கள். கனடாவிலிருந்து வந்து குடியேறிய என் அத்தான் 120 வாற்ஸை 24 மணியால் பெருக்கி, பிறிட்ஜுக்கு மட்டும் 86 யூனிற் என்று எழுதி வைத்திருந்தார். ஆனால் கொம்பிரசர் விட்டு விட்டுத்தான் ஓடும். நாள் முழுக்கச் சேர்த்தால் 10 மணி நேரம் வரலாம், அப்படியென்றால் 36 யூனிற். கதவு ரப்பர் தளர்ந்திருந்தால், அல்லது சுவரோடு ஒட்டி வைத்து பின்பக்கச் சூடு வெளியேறாவிட்டால் அந்த நேரம் நீளும். ஒரு அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து கேளுங்கள், எவ்வளவு நேரம் உறுமுகிறது, எவ்வளவு நேரம் அமைதியாக இருக்கிறது என்று புரியும். ஏசிக்கும் இதே கதைதான்.

எல்லாவற்றையும் கூட்டினால் 122 வருகிறது. 120 என்ற படியை இரண்டே யூனிற் தாண்டியிருக்கிறது! இரண்டு ஃபான்களையும் நாளுக்கு ஒரு மணி நேரம் குறைத்தாலே 4.5 யூனிற் மிச்சம், வீடு கீழ்ப்படிக்கு இறங்கிவிடும். 30 வாற்ஸில் ஓடும் புது வகை ஃபான் இரண்டை மாட்டினால் 27 யூனிற் குறையும்.

இனி மீற்றரோடு ஒத்துப் பாருங்கள். நல்லூர்த் தேர் நாளில் வீட்டைப் பூட்டிப் போகும்போது பிறிட்ஜைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிற்பாட்டி, மீற்றர் எண்ணையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். திரும்பி வந்ததும் மறுபடி பாருங்கள். பத்து மணி நேரத்தில் அரை யூனிற் ஏறியிருந்தால் நாளுக்கு 1.2, அதாவது நம் கணக்குச் சரி. ஒரு யூனிற் ஏறியிருந்தால் கதவு ரப்பரைப் பாருங்கள். பிறிட்ஜையும் நிற்பாட்டிய பிறகு மீற்றரில் சிவப்பு விளக்கு தொடர்ந்து மின்னினால் எங்கோ ஒன்று இழுத்துக்கொண்டிருக்கிறது. கனடாச் சாமானுக்காகக் கொண்டுவந்த 120 வோல்ற் மாற்றி சும்மா செருகியிருந்தாலும் கொஞ்சம் கரண்ட் போகும். அதையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்போதும் மின்னினால் வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

பில் வந்ததும் அதிலுள்ள இரண்டு திகதிகளையும் பாருங்கள். மீற்றர் பார்க்க வருபவர் 33 நாள் கழித்து வந்திருந்தால் உங்கள் தினசரிக் கூட்டுத்தொகையை 33ஆல் பெருக்க வேண்டும். படிகளும் அந்த நாள் கணக்குக்கு ஏற்ப நீளும், 60 என்பது 66 ஆகும். ஆகவே ஆள் பிந்தி வந்ததால் மேல்படிக்குப் போய்விட்டோம் என்று பதற வேண்டாம்.