முகம் பார்க்காத சக ஊழியர்களோடு பழகுவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் நிறுவனத்தில் எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறோம். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் சில மாதங்கள் துணையாக இருப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. காபி அரட்டை என்று சொல்லப்படும் வீடியோ சந்திப்புகளிலும், ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைத் தளத்தின் பொதுச் சேனல்களிலும் ஒவ்வொரு அணியும் அதே தவறுகளைச் செய்கிறது. பெரும்பாலும் நான் சேர்ந்த புதிதில் செய்தவைதான் அவை. தாமதமாக வருவது, பேச்சுக்கு நடுவே மின்னஞ்சல் படிப்பது போன்றவை தவறு என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

காரணம் சொல்லாமல் அழைப்பு அனுப்புவது

காலண்டரில் திடீரென்று "சின்னப் பேச்சு, 30 நிமிடம்" என்று ஓர் அழைப்பு வந்து விழுகிறது. அனுப்பியவருக்கு அது நட்பான செயல். பெறுபவருக்கோ முன்பின் தெரியாத ஒருவர் எதற்குக் கூப்பிடுகிறார் என்ற குழப்பம். அனுப்பியவர் பதவியில் மேலே இருந்தால் அந்தக் குழப்பம் பயமாகவே மாறிவிடும். அதனால் முதலில் செய்தி அனுப்புங்கள், அவர் சரி என்ற பிறகு காலண்டர் பக்கம் போகலாம். செய்தி இவ்வளவு இருந்தால் போதும்:

"வணக்கம், நான் சப்போர்ட் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். நீங்கள் பார்க்கும் பில்லிங் பகுதி பற்றித்தான் வாடிக்கையாளர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அதைச் செய்பவர் யார் என்று தெரிந்துகொள்ள ஆசை. அவசரமில்லை, நீங்கள் எதுவும் தயார் செய்ய வேண்டாம். அடுத்த வாரம் 25 நிமிடம் பேசலாமா?"

நீங்கள் யார், ஏன் அவரைத் தேடி வந்தீர்கள், எவ்வளவு நேரம் என்பதோடு, பின்னால் வேறு எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்பதும் இதில் தெரிந்துவிடுகிறது. அவர் வேறு நேர மண்டலத்தில் இருந்தால் அவருடைய வேலை நேரத்துக்குள் வரும் இரண்டு நேரங்களை, அவருடைய கடிகாரக் கணக்கிலேயே எழுதிக் கொடுங்கள்.

ஒரு மணி நேரம் போடுவது

வேண்டாம். 25 நிமிடம் போதும்.

ஒரு தடவை பேசிவிட்டு அப்படியே விட்டுவிடுவது

இத்தனை வருடம் கழித்தும் என்னை எரிச்சல்படுத்துவது இந்தத் தவறுதான்.

சப்போர்ட் குழுவில் சேர்ந்த ஒரு பெண், முதல் மாதமே பில்லிங் குழுவின் டெவலப்பர் ஒருவரோடு காபி அரட்டை போட்டார். பேச்சு அருமையாகப் போனது. இருவருக்கும் இரவு வானத்தைப் படம் எடுப்பதில் ஆர்வம் என்று தெரிந்து, நேரம் போனதே தெரியாமல் பேசினார்களாம். அதோடு சரி. சில மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே பில் இரண்டு முறை போய்விட்டது. அந்தப் பகுதியை எழுதியவர் அதே டெவலப்பர் என்பது இவருக்கு நன்றாகவே தெரியும். அவருக்குச் செய்தி எழுத ஆரம்பித்து, பாதியில் அழித்துவிட்டு, டிக்கெட் போட்டார். டிக்கெட் வரிசையில் கிடந்தது. வாடிக்கையாளர் தினமும் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் டெவலப்பர் கண்ணில் பட்டதும் பத்தே நிமிடத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "நேரா என்னையே கேட்டிருக்கலாமே" என்றார். அந்தப் பெண் என்னிடம் சொன்னது: "ஒரு தடவை பேசினதோட சரி. இப்ப வேலைக்காக மட்டும் போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

அந்தக் கூச்சம் நியாயமானது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். முதல் பேச்சு முடிந்த கையோடு யாரும் அவருக்கு அடுத்த அடியைச் சொல்லித் தரவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

நாம் வைத்திருக்கும் ஏற்பாடே இந்தத் தவறுக்கு வழி செய்கிறது. ஸ்லாக்கில் டோனட் போன்ற செயலிகள் ஒரு சேனலில் இருப்பவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடும். புதிய ஆட்களை அறிமுகப்படுத்துவது அதன் வேலை, அதைச் சரியாகவே செய்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சேனலில் 24 பேர், இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை சந்தித்தவரையே திரும்பக் காட்டாமல் சுற்றிக்கொண்டே போனால், மற்ற 23 பேரையும் பார்த்து முடிக்க 46 வாரம் ஆகும். அதாவது இன்று பேசியவரை அந்தச் செயலி மறுபடி உங்கள் முன் கொண்டுவர ஏறக்குறைய பதினொரு மாதம். ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் அதே ஆளை நடைவழியில் நாலு தடவை பார்த்துத் தலையாட்டியிருப்பீர்கள். இங்கே அந்த நாலு தலையாட்டலையும் நீங்களேதான் ஏற்பாடு செய்தாக வேண்டும்.

இதைச் சொன்னால் சிலர் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டரின் பெயரைச் சொல்லி மறுப்பார்கள். நெருக்கமில்லாத அறிமுகங்கள்தான் புதிய தகவலைக் கொண்டுவரும் என்று 1973-ல் அவர் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. ஆகவே நிறையப் பேரை ஒரு தடவை பார்த்தாலே போதும் என்பது இவர்கள் வாதம். அந்தக் கட்டுரையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், தகவல் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று அவர் கேட்டார். வாரத்துக்கு இரண்டு முறைக்குக் குறைவாக, ஆனால் வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் என்று சொன்னவர்கள்தான் பாதிக்கும் அதிகம். அதைவிட அரிதாகப் பார்த்தவர்களிலும் பலர் பழைய கல்லூரி நண்பர்கள், முன்பு கூட வேலை பார்த்தவர்கள். எப்போதோ நன்றாகப் பழகியவர்கள், பிறகு தொடர்பு மெலிந்தது, அவ்வளவுதான். ஒரே ஒரு வீடியோ சந்திப்பு அந்தக் கணக்கில் சேராது.

சரி, என்ன செய்வது? நான் சொல்லித்தருவது இதுதான்.

பேசிய அன்றே இரண்டு வரி எழுதுங்கள். "பேசியதில் மகிழ்ச்சி" என்று எழுதினால் அவர் ஒரு எமோஜி போட்டு மூடிவிடுவார். பேச்சில் வந்த ஒரு விஷயத்தைப் பிடித்து எழுதுங்கள்: "நீங்கள் சொன்ன பில்லிங் ஸ்கிரிப்ட்டைத் திறந்து பார்த்தேன். தள்ளுபடி கணக்கிடும் இடம் மட்டும் புரியவில்லை. படித்துவிட்டு அடுத்த வாரம் கேட்கிறேன்." இதில் அடுத்த பேச்சுக்கான கதவு திறந்தே இருக்கிறது.

இரண்டு மூன்று வாரத்துக்குள் இரண்டாவது சந்திப்பை நீங்களே கேளுங்கள். 15 நிமிடம் போதும். செயலி கொண்டுவரும் என்று காத்திருக்காதீர்கள். மறந்துவிடும் என்றால் ஸ்லாக்கிலேயே உங்களுக்கு நீங்களே ஒரு நினைவூட்டல் வைத்துவிடலாம்:

```
/remind me "பில்லிங் டெவலப்பரிடம் மறுபடி பேச வேண்டும்" in 2 weeks
```

அப்புறம், அவசரம் எதுவும் இல்லாதபோதே வேலை சம்பந்தமாக ஒரு சின்ன உதவி கேளுங்கள், இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடியதாக. பலர் உதவி கேட்டால் தொந்தரவு என்று நினைத்து அரட்டையை அரட்டையாகவே வைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தால் முதன்முதலாக வேலைக்காகப் போய் நிற்கும் நாள் ஏதோ ஒன்று பற்றி எரிகிற நாளாகத்தான் இருக்கும். அந்தப் பெண்ணுக்கு நடந்தது அதுதான். முன்பே ஒரு தடவை தள்ளுபடி பற்றிக் கேட்டுப் பதில் வாங்கியிருந்தால், பில் இரட்டித்த அன்று கை தானாக அவருக்குத்தான் செய்தி எழுதியிருக்கும்.

பழக்கம் வேர்விட்டதா என்று கண்டுபிடிப்பது எளிது: அவராக உங்களுக்கு எழுத ஆரம்பிப்பார். நீங்கள் இரண்டு முறை எழுதியும் பதில் ஒற்றை எமோஜியாகவே வந்தால் விட்டுவிடுங்கள். அவருக்கு அதில் விருப்பமில்லாமல் இருக்கலாம், வேலை கழுத்தை நெரிக்கலாம். எல்லோரிடமும் இதைச் செய்யவும் முடியாது. ஐந்து பேரோடு பேசினால் ஒருவர் அல்லது இருவரைத் தொடருங்கள். பேச்சு இயல்பாக வந்தவர், அல்லது உங்கள் வேலை போய்த் தொடும் இடத்தில் இருப்பவர். முடிந்தால் வேறு குழுவிலிருந்து ஒருவரைப் பிடியுங்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 61,182 அமெரிக்க ஊழியர்களின் 2020-ஆம் ஆண்டுத் தரவை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியதும் குழுக்களுக்கு இடையிலான தொடர்புகள்தான் மெலிந்தன என்று தெரியவந்தது. சொந்தக் குழுவோடு தினசரி கூட்டத்தில் எப்படியும் பேசிவிடுவோம். அடுத்த குழுவோடு பேச யாரும் கூட்டம் போட மாட்டார்கள்.

எல்லாவற்றையும் தனிச்செய்தியில் கேட்பது

புதியவர்கள் சேனலில் கேட்கக் கூச்சப்பட்டு, ஒருவரையே தனிச்செய்தியில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பதில் கிடைத்துவிடும், ஆனால் உங்களை அந்த ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். அதே கேள்வியைச் சேனலில் கேட்டால் பதில் சொல்பவர் ஒருவர், படிப்பவர் பலர். இவர் இந்தப் பகுதியில் வேலை செய்கிறார், கேட்பதற்கு முன் இதையெல்லாம் முயன்று பார்த்திருக்கிறார் என்று உங்களைப் பற்றி அவர்களுக்கு ஒரு படம் கிடைக்கிறது. பிறகு அவர்களில் ஒருவரைக் காபி அரட்டைக்கு அழைத்தால் நீங்கள் முழு அந்நியர் இல்லை. தீர்வு கிடைத்ததும் அதே கேள்விக்குக் கீழே "இதுதான் காரணமாக இருந்தது" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். அடுத்து வருபவர் தேடும்போது உங்கள் பெயரோடுதான் கிடைக்கும்.

படம், செடி, புத்தகம் என்று இருக்கும் பொழுதுபோக்குச் சேனல்களிலும் வெறும் எமோஜி போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். யாரோ நிலாப் படம் போட்டிருந்தால் "ஷட்டர் வேகம் எவ்வளவு வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். கேள்வி இருந்தால்தான் அவர் திரும்ப எழுதுவார். ஆள் வராத சேனலுக்கு உயிர்கொடுக்கிறேன் என்று இன்னொரு புதுச் சேனல் திறப்பதும் வேண்டாம்.

கேமராவைக் கட்டாயமாக்குவது

முதல் சந்திப்பில் நீங்கள் போடுங்கள், அவர் விருப்பம் அவருக்கு. இரண்டாவது சந்திப்பை நடந்துகொண்டே குரலில் மட்டும் பேசலாம்.

தனியாகச் சொன்னதைச் சேனலில் போடுவது

அவருக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, அவர் குழு மாறப் போகிறார், அவருக்கு உடம்பு சரியில்லை. நல்லெண்ணத்தில் வாழ்த்துச் சொல்வதாக இருந்தாலும் அவரே அறிவிக்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது. சேனலில் போட்டதைப் பிறகு நீக்கினாலும், அறிவிப்பில் அதைப் பார்த்தவர்கள் பார்த்ததுதான்.